பழைய போனில் பாட்டு: செயலிக்கு அப்டேட் நின்ற பிறகு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பரந்தனில் போன் திருத்தும் மேசை ஒன்று வைத்திருக்கிறேன். புதுப் போன் விலை ஏறிய பிறகு, அலுமாரிக்குள் கிடந்த 2014, 2015ஆம் ஆண்டுப் போன்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியது பாட்டுத்தான். வயல் காவலுக்குப் போகும்போது, குசினியில் நிற்கும்போது, விடியக்காலையில் தேவாரம் கேட்க. அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். ஐபோன் என் மேசைக்குக் குறைவாகத்தான் வரும். ஆகவே இங்கே இருப்பதெல்லாம் ஆண்ட்ராய்ட் கதை.

அண்ணை, பாட்டுச் செயலிக்கு இனி அப்டேட் வராதாம். அப்ப பாட்டு நிண்டிடுமோ?

அது எந்த மாதிரியான செயலி என்பதைப் பொறுத்தது. போனில் கிடக்கும் கோப்பைப் பாடும் செயலி என்றால் நிற்காது. 2015இல் எம்பி3 கோப்பைப் பாடிய செயலி இன்றைக்கும் அதே கோப்பை அதே மாதிரிப் பாடும், ஏனென்றால் கோப்பும் மாறவில்லை, செயலியும் மாறவில்லை, போனும் மாறவில்லை. இடையில் புகுந்து கெடுக்க வெளியாள் கிடையாது.

இணையத்திலிருந்து பாட்டை இழுத்துப் பாடும் செயலி வேறு சாதி. அங்கே பாதி வேலை உங்கள் போனில் நடக்கிறது, மீதி அந்தச் சேவையின் கணினியில் நடக்கிறது. அவர்கள் தங்கள் பக்கத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பக்கம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருநாள் இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளாமல் போகும். அது அடுத்த கிழமையா, மூன்று வருடத்துக்குப் பிறகா என்பது உங்கள் கையில் இல்லை.

என்னுடையது எந்தச் சாதி எண்டு எப்படிப் பார்க்கிறது?

ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். போனை நிறுத்தி மறுபடி இயக்குங்கள். செயலியைத் திறந்து, நீங்கள் இதுவரை கேட்காத ஒரு பாட்டை அமத்துங்கள். பாடினால் முதலாவது சாதி. சுற்றிக்கொண்டே நின்றால் இரண்டாவது. கேட்ட பாட்டை அமத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. சில செயலிகள் அதைத் தற்காலிகமாகச் சேமித்து வைத்திருக்கும்.

நேற்று வரைக்கும் பாடினது. இண்டைக்கு இணைப்பு இல்லை எண்டு சொல்லுது. டேட்டா கிடக்கு, ரீலோட்டும் போட்டனான்.

முதலில் போனின் திகதியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், என் மேசைக்கு வரும் இந்த முறைப்பாடுகளில் கணிசமானவை இதிலேயே முடிந்துவிடும். பழைய பற்றரி அடியோடு இறங்கிக் கிடந்தால் போனின் கடிகாரம் தொடக்க நிலைக்குப் போய்விடும். 1970 ஜனவரி 1 என்று காட்டும், அல்லது போன் செய்த வருடத்தைக் காட்டும். சிம் இல்லாமல் வைஃபையில் மட்டும் பாவிக்கிற போனில் இது அடிக்கடி நடக்கும். இணையத்தில் பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அந்தச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. போன் 1970இல் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இனிமேல்தான் பிறக்கப் போகிறது. ஆகவே எதையும் நம்பாது. செயலி அதை விளக்கிச் சொல்லாமல் இணைப்பு இல்லை என்று மட்டும் சொல்லும்.

திகதி சரி என்றால், அடுத்ததாக ஆண்ட்ராய்ட் பதிப்பைப் பாருங்கள். Settings, About phone என்று போனால் தெரியும். 7.1.1க்குக் கீழே என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. போன் யார் யாருடைய சான்றிதழை நம்பலாம் என்று ஒரு பட்டியல் அதற்குள்ளேயே இருக்கிறது. ஊரில் கிராம சேவகரின் முத்திரை எது என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதைப் போல. லெற்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கிறது, உலகத்தில் பெருந்தொகையான தளங்கள் அதைத்தான் பாவிக்கின்றன. அதன் சொந்த முத்திரை 7.1.1இலிருந்துதான் ஆண்ட்ராய்டின் பட்டியலில் ஏறியது. அதற்கு முந்திய போன்கள் வேறொரு பழைய முத்திரையை வைத்து அதை நம்பிவந்தன. அந்தப் பழைய முத்திரை 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. பழைய ஆண்ட்ராய்டுகளுக்காக ஒரு இடைக்கால ஏற்பாடு செய்து இழுத்தார்கள். அதுவும் 2024 செப்டெம்பர் 30இல் முடிந்தது. சிறிய இணைய வானொலிகள் பல ஒவ்வொன்றாக மெளனமானதற்கு இது ஒரு காரணம். வானொலி ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் போனுக்கு மட்டும் கேட்காது.

ஆண்ட்ராய்ட் 6 அல்லது அதற்குக் கீழே என்றால் இதைக் கையால் சரிசெய்யலாம். வேறொரு போனில் letsencrypt.org தளத்துக்குப் போய் `isrgrootx1.pem` என்ற கோப்பை இறக்கி, அதன் பெயரை `isrgrootx1.crt` என்று மாற்றி, மெமரி காட்டில் போட்டு, பழைய போனில் Settings, Security, Install from storage என்ற இடத்தில் கொடுத்தால் பட்டியலில் ஏறிவிடும். சில போன்களில் அந்த வரி Install from SD card என்று இருக்கும். திரைப் பூட்டு இல்லையென்றால் ஒன்று வைக்கச் சொல்லும். அதன் பிறகு யாரோ உங்களைக் கண்காணிக்கலாம் என்று ஒரு எச்சரிக்கையும் காட்டும். இந்த ஒரு கோப்புக்கு அது பயப்பட வேண்டியதில்லை. வேறு யாராவது ஒரு சான்றிதழ் கோப்பை அனுப்பி இதையும் போடு என்றால் போடாதீர்கள், அங்கே அந்த எச்சரிக்கை உண்மை. ஆண்ட்ராய்ட் 7.0 என்றால் இந்த வழி செயலிகளுக்குப் பெரும்பாலும் சரிவராது, அந்தப் பதிப்பிலிருந்து செயலிகள் நாங்கள் கையால் சேர்த்த சான்றிதழைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டும் சரியாக இருந்தும், உலாவியில் மற்றத் தளங்களெல்லாம் திறந்தும், செயலி மட்டும் அடம்பிடித்தால் சேவைக்காரர் கதவைச் சாத்திவிட்டார். 'புதிய பதிப்புக்கு மாறுங்கள்' என்று முகத்துக்கு நேரே சொன்னால் இன்னும் தெளிவு. அதை மேசையில் வைத்துத் திருத்த முடியாது.

அழிச்சுப்போட்டுத் திரும்பப் போட்டால் சரிவருமோ?

தயவுசெய்து செய்யாதீர்கள். புதுப் போனில் இது நல்ல வைத்தியம். பழைய போனில் இதுதான் கொலை. பிளே ஸ்டோர் இன்றைய பதிப்பைத்தான் தரப் பார்க்கும். இன்றைய பதிப்புக்கு ஆண்ட்ராய்ட் 8 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுடையது 5.1. Your device isn't compatible with this version என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். நேற்று வரை இருந்த பழைய செயலியும் போய்விட்டது. சில தயாரிப்பாளர்கள் பழைய போனுக்கென்று பழைய பதிப்பையும் கடையில் விட்டுவைப்பார்கள், ஆனால் அதை நம்பி அழிக்கக் கூடாது.

Clear data அமத்துவதும் கிட்டத்தட்ட அதேதான். செயலி இருக்கும், ஆனால் திரும்ப உள்நுழையச் சொல்லும், உள்நுழையும் பக்கம் பழைய செயலிக்குத் திறக்காது. Clear cache மட்டும் பாதுகாப்பு. ஏதாவது அமத்தித்தான் ஆக வேண்டும் என்று கை துடித்தால் அதை அமத்துங்கள்.

நல்லா வேலை செய்யிற பழைய செயலியை எங்கேயாவது எடுத்து வைக்கலாமோ?

வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். போன் ஒருநாள் தானாகவே தொடக்க நிலைக்குப் போனால் அப்போது கை கொடுக்கும். இதற்குக் கணினி ஒன்று வேண்டும். Settings, About phone என்ற இடத்தில் Build number என்ற வரியை ஏழு தடவை தட்டினால் Developer options திறக்கும். அதற்குள் USB debugging போடுங்கள். கணினியில் கூகுளின் platform-tools என்ற கருவித் தொகுப்பு இருக்க வேண்டும், கீழே வரும் adb அதற்குள்தான் இருக்கிறது. வி.எல்.சி. செயலியை உதாரணமாக வைத்துக் காட்டுகிறேன்:

```
adb shell pm path org.videolan.vlc
```

இதற்கு `package:/data/app/org.videolan.vlc-1/base.apk` மாதிரி ஒரு வரி பதிலாக வரும். `package:` என்பதை விட்டுவிட்டு மீதியை இப்படிக் கொடுங்கள்:

```
adb pull /data/app/org.videolan.vlc-1/base.apk
```

கோப்பு கணினிக்கு வந்துவிடும். முதல் கட்டளைக்கு ஒரு வரிக்குப் பதிலாக மூன்று நான்கு வரி வந்தால் செயலி துண்டு துண்டாக இருக்கிறது என்று அர்த்தம். எல்லாத் துண்டையும் எடுக்க வேண்டும். திரும்பப் போடும்போது `adb install-multiple` என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும். base.apkஐ மட்டும் எடுத்து வைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து அது திறக்காமல் வந்து என் மேசையில் நின்றவர்கள் இருவர்.

இன்னொன்று: செயலிதான் வரும், உங்கள் கணக்கும் பட்டியல்களும் வராது. ஆகவே கோப்பைப் பாடும் செயலிக்கு இது முழு மருந்து. இணையச் செயலிக்கு அரை மருந்து.

நான் செயலிக்குள்ளயே முந்நூறு பாட்டு டவுன்லோட் பண்ணி வச்சிருக்கிறன். அது என்னுடையதுதானே?

இல்லை தம்பி, அது வாடகை வீடு. சந்தாச் சேவைகள் இறக்கித் தரும் பாட்டு பூட்டுப் போட்ட கோப்பு. அந்தச் செயலி மட்டும்தான் திறக்கும். வேறு செயலிக்கு அது வெறும் குப்பை. ஸ்பொடிஃபை 30 நாளுக்கு ஒரு தடவையாவது இணையத்தோடு இணைந்து கணக்கைச் சரிபார்க்கச் சொல்கிறது, இல்லாவிட்டால் இறக்கிய பாட்டும் பாடாது. ஆகவே செயலி சேவையோடு பேச முடியாமல் போன அன்றைக்கு, உங்கள் முந்நூறு பாட்டுக்கும் நாள் எண்ணத் தொடங்கிவிட்டது. அந்த நாள்களுக்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: பாட்டுப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். எந்தப் பாட்டைத் தேடுவது என்றாவது தெரிந்திருக்கும்.

சரி, கடைசியில என்னதான் செய்யச் சொல்றீங்கள்? ஒரு போனை வச்சு முழுசாச் சொல்லுங்கோ.

விசுவமடுவில் இருக்கும் என் மாமியின் போனைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்ட் 5.1, 1 ஜிபி ராம், உள்ளே 8 ஜிபி, பற்றரி கழற்றக்கூடியது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு பாட்டுச் சேவையில் கணக்குத் திறந்து கொடுத்திருந்தான். மூன்று வருடம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் காலையில் 'புதுப்பிக்கவும்' என்று வந்தது, புதுப்பிக்கப் போனால் உங்கள் போனுக்குப் பொருந்தாது என்றது. மாமிக்கு இரண்டு வரியும் ஒரே ஆள் சொல்வதாகப் பட்டது. "வா எண்டும் சொல்லுறான், வராதே எண்டும் சொல்லுறான்" என்றார்.

அந்தச் செயலியைக் காப்பாற்ற நான் முயலவில்லை. போனை இணையம் தேவைப்படாத பாட்டுப் பெட்டியாக மாற்றினேன். ஒரு பின்னேரம் போனது.

முதலில் மாமியோடு இருந்து பட்டியலைப் பார்த்தோம். செயலியில் இலட்சக்கணக்கில் பாட்டு இருந்தாலும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஏறக்குறைய 180 பாட்டு. இதை எண்ணிப் பார்ப்பது முக்கியம். எல்லாப் பாட்டும் போய்விட்டதே என்ற கவலை, எண்ணிப் பார்த்ததும் பாதியாகக் குறைந்துவிடும். 180இல் பெரும்பகுதி வீட்டில் பழைய சீடிகளிலேயே இருந்தது. சீடி ஓடும் பழைய கணினி ஒன்றில் போட்டு எம்பி3 ஆக்கினேன். இல்லாதவற்றை மகன் காசு கொடுத்துக் கோப்பாக வாங்கி அனுப்பினான். கோப்பாக விற்கும் கடைகள் இணையத்தில் இன்னும் இருக்கின்றன.

அடுத்தது பாடும் செயலி. நான் வி.எல்.சி.யை எடுத்தேன். காரணம் இரண்டு. அதைச் செய்யும் வீடியோலான் அமைப்பு பழைய பதிப்புகளையும் தன் சொந்தத் தளத்திலேயே வைத்திருக்கிறது, கண்ட இடத்தில் தேட வேண்டியதில்லை. இரண்டாவது, கோப்பைத் திறந்து படிக்கும் வேலையை அது பெரும்பாலும் தானே செய்கிறது. போனோடு வந்த செயலி திறக்காத ஓபஸ் கோப்பும் இதில் பாடும். download.videolan.org இல் இறக்கும்போது கோப்பின் பெயரைக் கவனியுங்கள்: arm64-v8a என்றிருப்பது 64 பிட் போனுக்கு. மாமியின் போன் 32 பிட், அதற்கு armeabi-v7a. மாறிப் போட்டால் App not installed என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. இறக்கும் வேலையை என் போனில் செய்து, காட்டில் போட்டு மாற்றினேன்.

காட் 32 ஜிபி. அதை மாமியின் போனிலேயே ஃபோர்மட் செய்தேன், கணினியில் அல்ல. பாட்டுகளை நாலு கோப்புறையாகப் பிரித்தேன்: விடியல், குசினி, பின்னேரம், பொங்கல். கடைசியானது வற்றாப்பளைப் பொங்கல் நாட்களுக்கு. வி.எல்.சி.யில் கலைஞர், ஆல்பம் என்று பிரித்துக் காட்டும் பக்கத்தை மறந்துவிட்டு கோப்புறையைக் காட்டும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். 1 ஜிபி ராம் உள்ள போன் ஆல்பப் படங்களை இழுத்து இழுத்தே களைத்துப்போகும்.

பிறகு கூகுள் கணக்கை எடுத்தேன், சிம்மைக் கழற்றினேன், வைஃபையை நிறுத்தினேன், மிச்சச் செயலிகளை Disable செய்தேன். பின்னணியில் இணையத்தைத் தேடி அலைகிற வேலை நின்றதும், அரை நாள் தாங்கிய பற்றரி இரண்டு நாள் தாங்கத் தொடங்கியது. பற்றரி கெட்டுவிட்டது என்று மாமி நினைத்துக்கொண்டிருந்தார். கெட்டது பற்றரி இல்லை. கதவு சாத்திய சேவையை அந்தச் செயலி நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பாட்டின்ர பெயர் ghly; எண்டு ஏதோ வருது. வைரஸோ?

வைரஸ் இல்லை, பாமினி. எங்கள் பக்கம் 2000களில் சீடியை எம்பி3 ஆக்கிய கடைக்காரர்கள் பாட்டின் பெயரைப் பாமினி எழுத்துருவில் தட்டினார்கள். அந்த எழுத்துருவில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான், திரையில் தமிழாக உடுத்திக் காட்டும். போனில் அந்த உடுப்பு இல்லை. ghly; என்பதைப் பாமினியில் பார்த்தால் 'பாடல்' என்று வரும். கணினியில் பாமினி–யூனிகோட் மாற்றி ஒன்றில் கொடுத்து, Mp3tag போன்ற மென்பொருளில் பெயரைத் திருத்தினால் சரி. ஐந்நூறு பாட்டுக்கு இதைச் செய்யப் பொறுமை வேண்டும். நான் கோப்புறைப் பெயரை மட்டும் திருத்திவிட்டு மீதியை விட்டுவிடுவேன். முதல் வரி கேட்டதும் எந்தப் பாட்டு என்று தெரியாதா என்ன.

32 ஜிபியில எத்தனை பாட்டுப் பிடிக்கும்? 128 ஜிபி காட் மலிவா ஒண்டு கிடக்கு, வாங்கட்டோ?

128 கேபிபிஎஸ் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு 4.8 எம்பி. 32 ஜிபியில் ஆறாயிரத்துக்கு மேல் பிடிக்கும். இரவும் பகலும் விடாமல் கேட்டால் இருபது நாளைக்கு மேல் வரும். போதாதா?

அந்தக் காலப் போன்களில் பல 32 ஜிபி வரைக்கும்தான் கணக்கு. அதற்கு மேலே போகும் காட்கள் எக்ஸ்ஃபாட் என்ற வடிவத்தில் வரும், பழைய போன் அதைப் பார்த்துக் கெட்டுப்போன காட் என்று சொல்லிவிடும். மலிவான 128 ஜிபிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், வெளியே 128 என்று பொய் சொல்லும். முதல் 8 ஜிபி பாட்டும் நன்றாகப் பாடும், அதற்குப் பிறகு போட்டவை பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. வாங்கின அன்றே விண்டோஸ் கணினியில் H2testw என்ற சிறு மென்பொருளை ஓடவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். நானே ஒரு முறை ஏமாந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர், அவரையும் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

சிம்மைக் கழற்றாமல் பாட்டும் கேட்டு, வங்கிக் கணக்கும் அதிலேயே பார்த்தால் என்ன?

பாட்டுக் கோப்புக்கும் வங்கிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். 2015இல் ஆண்ட்ராய்டின் ஒலி, ஒளிக் கோப்புகளைப் படிக்கும் பகுதியில் ஸ்டேஜ்ஃபிரைட் என்று பெயர்பெற்ற ஓட்டைகள் வெளியே வந்தன. அந்த வருடம் ஒக்டோபரில் சொல்லப்பட்ட இரண்டாவது தொகுதியில், சூழ்ச்சியாகச் செய்த ஒரு எம்பி3 அல்லது எம்பி4 கோப்பே போதும், போனுக்குள் நுழைந்துவிடலாம் என்று காட்டினார்கள். புதுப்பிப்பு வந்த போன்களில் ஓட்டை அடைபட்டது. ஆனால் 5.1 வரைக்கும் நின்ற மலிவுப் போன்கள் பலவற்றுக்கு அந்த அடைப்பு வரவே இல்லை. ஆகவே ஓட்டை இன்னும் திறந்துதான் கிடக்கிறது, முன்பின் தெரியாத தளத்தில் இறக்கிய பாட்டும் அந்தப் போனில்தான் கிடக்கிறது.

பாட்டை மட்டும் வைத்திருக்கும் போனில் களவெடுக்க என்ன இருக்கிறது? தேவாரம்தான். அதில் வங்கி, மின்னஞ்சல், கடவுச்சொல் எதையும் வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை; இரண்டையும் கேட்டு வந்தால் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லித்தான் போனைக் கையில் வாங்குவேன்.

இணையமே இல்லாமல் புதுப் பாட்டுக் கேட்க வழி இல்லையோ?

வானொலி இருக்கிறதே. அந்தக் காலப் போன்கள் பலவற்றில் எஃப்.எம். வாங்கி உள்ளேயே உண்டு, அந்தச் செயலியும் போனோடு வந்தது, அதற்கு அப்டேட்டே தேவையில்லை. ஹெட்செட் வயர்தான் அன்ரெனா, ஆகவே வயர் செருகாமல் பாடாது. செருகியும் பாடவில்லை என்றால் துவாரத்துக்குள் பாருங்கள். அரிவி வெட்டுக் காலத்தில் வருகிற போன்களில் அங்கே வைக்கோல் தூசியும் சட்டைப் பஞ்சும் சேர்ந்து கட்டியாக இருக்கும். போனை நிறுத்திவிட்டு மரப் பற்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி வேண்டாம், உள்ளே இருக்கும் தகட்டை வளைத்துவிடும்.

எப்ப அண்ணை இதைக் கைவிடுறது?

செயலிக்காகக் கைவிட வேண்டாம் என்றுதான் இவ்வளவும் சொன்னேன். கைவிட வைப்பவை வேறு.

ஒன்று பற்றரி. கழற்றக்கூடியது என்றால் கழற்றி, கண்ணாடி மேசையில் படுக்க வைத்து விரலால் சுழற்றி விடுங்கள். தட்டையான பற்றரி சுழலாது, உரசி நின்றுவிடும். பம்பரமாகச் சுழன்றால் நடுவில் வீங்கியிருக்கிறது. அந்த நிமிடமே அதன் பாவனை முடிந்தது. இன்னொரு தடவை சார்ஜ் போட்டுப் பார்ப்போம் என்பது கிடையாது. கழற்ற முடியாத போனில் பின்மூடி ஒரு பக்கம் தூக்கும், அல்லது திரை ஓரத்தில் வெளிச்சம் கசியும். வீங்கியதை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது காற்றில்லை, தீப்பிடிக்கும் வாயு.

வீங்காமல் வலுவிழந்த பற்றரியும் உண்டு. 40 வீதம் காட்டிக்கொண்டிருக்கும் போதே அணைந்துவிடும். முழுக்கச் சார்ஜ் செய்து, கழற்றி, ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் மீற்றரால் பார்ப்பேன். வழக்கமான பற்றரி 4.2 வோல்ட்டுக்கு அண்மையில் ஏறும். காலையில் 4க்குக் கீழே இறங்கியிருந்தால் புதிது தேட வேண்டும். சிக்கல் என்னவென்றால் பத்து வருடப் பழைய போனுக்குப் 'புதுப்' பற்றரி என்று வருவதும் பல வருடம் கடையில் கிடந்ததுதான். வாங்குமுன் அதையும் மேசையில் சுழற்றிப் பாருங்கள். நல்லது கிடைக்காவிட்டால் போனின் காலம் முடிந்துவிட்டது.

ஒரு சிறு செய்தி: வெயிலில் நிற்கும் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் போனை வைத்து சார்ஜ் போடாதீர்கள். இந்தப் பற்றரிகளைச் சார்ஜ் செய்ய 45 பாகை செல்சியஸ்தான் மேல் எல்லை. எங்கள் மத்தியான வெயிலில் கறுப்புப் போன் அதைச் சுலபமாகத் தாண்டும்.

இரண்டாவது, உள் நினைவகம். இதை அநேகர் கவனிப்பதில்லை. ஒரு பாட்டை அழிக்கிறீர்கள், போனை நிறுத்தி இயக்கினால் அது திரும்ப வந்து நிற்கிறது. புதிதாகப் போட்டது காணாமல் போகிறது. தொடக்க நிலைக்குக் கொண்டுபோனாலும் பழைய படங்களோடு எழும்புகிறது. பேய் இல்லை. நினைவகம் எழுதி எழுதித் தேய்ந்து, வாசிக்க மட்டும் விடுகிற நிலைக்குப் போய்விட்டது. காட்டில் இருக்கும் பாட்டைச் சில காலம் பாடும், பிறகு ஒருநாள் எழும்பாது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். உடைந்த திரை, தேய்ந்த சார்ஜ் துவாரம் என்பவை திருத்தக்கூடியவை. ஆனால் திருத்தும் கூலி ஒரு சின்ன எம்பி3 ஸ்பீக்கரின் விலையைத் தொட்டால் நானே ஸ்பீக்கரை வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். அதிலும் இதே காட்டைச் செருகலாம்.

மூன்றாவது காரணம் நீங்கள்தான். புதிதாக வரும் பாட்டை அன்றன்றே கேட்க வேண்டும் என்று இருப்பவருக்குக் கோப்பு வழி ஒத்துவராது. அவர் பழைய செயலியோடு சண்டை பிடிக்காமல், காசு சேர்த்து ஆண்ட்ராய்ட் 10க்கு மேலே உள்ள பாவித்த போன் ஒன்றைப் பார்ப்பதே நல்லது.

கைவிட்ட போனை என்ன செய்ய? முத்தத்துக் குப்பையோட கொளுத்திவிடலாமோ?

கொளுத்தவே கூடாது, பற்றரி வெடிக்கும். பற்றரியைத் தனியாகக் கழற்றி, உலோக முனைகளில் ரேப் ஒட்டி, மணல் போட்ட பேணியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். இலத்திரனியல் கழிவு சேர்க்க வரும்போது கொடுக்கலாம். என் மேசைக்குக் கீழேயும் அப்படி ஒரு பால்மாப் பேணி இருக்கிறது, கொண்டுவந்து போடலாம்.

போன் இன்னும் ஓடுகிறது, யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் காட்டைக் கழற்றுங்கள். அடுத்து Settings, Accounts போய் கூகுள் கணக்கை எடுங்கள். அதற்குப் பிறகுதான் Factory data reset. வரிசை மாறக் கூடாது. ஆண்ட்ராய்ட் 5.1இலிருந்து வந்த பாதுகாப்புப் பூட்டு, கணக்கை எடுக்காமல் பொத்தான்களை அமத்தி அழித்த போனில் பழைய ஆளின் கடவுச்சொல்லைத்தான் கேட்கும். மல்லாவியிலிருந்து பஸ் ஏறி அப்படி ஒரு போனோடு வந்த பெடியனிடம், "கொடுத்த மாமாவையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியதாய்ப் போயிற்று.